பிரதோஷப் பலகையைக் கொஞ்சம் மாற்றுவோமா?

எங்கள் மும்பைப் புறநகர் சிவன் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

பிரதோஷத்தன்று வரிசையை ஒழுங்குபடுத்த நிற்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். நந்திக்குப் பக்கத்தில் நாம் மாட்டியிருக்கும் சோமசூத்திரப் பிரதட்சிணப் பலகையைப் பற்றித்தான் இந்த மடல். ‘அப்பிரதட்சிணமாகச் சென்று சண்டிகேசுவரரைத் தொழுது மீண்டு, பிரதட்சிணமாகக் கோமுகி வரை சென்று, நிர்மால்ய தீர்த்தத்தைத் தாண்டாமல் மீண்டு...’ என்று ஒரே வாக்கியமாக ஓடுகிறது. முதல்முறை வருபவர் பாதி படிக்கும்போதே பின்னால் இருப்பவர் நெருக்குகிறார். அப்புறம் எல்லாரும் போகிற பக்கமே அவரும் போகிறார்.

‘இடமாகப் போங்கள்’ என்று எளிமையாக எழுதினாலும் சிக்கல் தீராது. நம் கோயில் கிழக்கு பார்த்தது. நந்தியருகே சுவாமியைப் பார்த்து நின்றால் சண்டிகேசுவரர் இருக்கும் வடபுறம் நம் வலது கைப்பக்கம் வருகிறது. இடமாகச் சுற்ற வலது கைப்பக்கம் கிளம்ப வேண்டும்! புதியவர் இடது கைப்பக்கம் திரும்பினால் அது வழக்கமான வலமாகவே போய்விடும். அதனால் வலம், இடம் இரண்டையும் விட்டுவிட்டு, கண்ணில் படும் சன்னதிகளைச் சொல்லி எழுதலாம்:

1. நந்தியை வணங்குங்கள்.
2. சண்டிகேசுவரர் பக்கமாகப் போய் அவரை வணங்குங்கள்.
3. வந்த வழியே நந்திக்குத் திரும்புங்கள்.
4. தட்சிணாமூர்த்தி பக்கமாகக் கிளம்பி, கருவறையின் பின்புறம் வழியாகக் கோமுகி வரை போங்கள். தாண்ட வேண்டாம்.
5. வந்த வழியே நந்திக்குத் திரும்புங்கள். இது ஒரு சுற்று.

ஒரு படிக்கு ஒரு நடை, அவ்வளவுதான். காரணம் கேட்பவர்களுக்காக, அபிஷேக நீர் வெளியேறும் இடம் கோமுகி, அதைக் கடப்பதில்லை என்று கடைசியில் ஒரு வரி போதும். எத்தனை சுற்று என்பதைக் குருக்கள் சொல்லட்டும். கோயிலுக்குக் கோயில் முறை கொஞ்சம் மாறுவதால், படிகளையும் அவரே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் ஐந்து படியையும் நந்தியிடமே எழுதி வைத்தால் நடக்கும்போது மறந்துவிடும். நெரிசலே கோமுகியில்தான்: திரும்புகிறவரும் தெரியாமல் நேரே வருகிறவரும் அந்தக் குறுகிய பிராகாரத்தில் முட்டிக்கொள்கிறார்கள். அங்கே ‘4 முடிந்தது, இங்கே திரும்புங்கள்’ என்று ஒரு சின்னப் பலகை, சண்டிகேசுவரரிடம் இன்னொன்று. தமிழோடு மராத்தியிலும் இந்தியிலும் எழுதுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கே தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வருகிறது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். 4.30 முதல் 6 வரை என்று ஊரில் சொல்வதை அப்படியே போட்டிருக்கிறோம். ஜூனில் இங்கே சூரியன் மறைய ஏழேகால் ஆகிறது. அஸ்தமனத்தை வைத்துத்தான் பிரதோஷ காலம் என்பதால், அந்த வரியில் மட்டும் சாக்பீஸால் எழுத இடம் விடலாம்.

குருக்கள் சரி என்றால், அடுத்த பிரதோஷத்துக்கு அட்டையில் எழுதி ஒட்டிப் பார்ப்போம். கோமுகியில் யாரும் முட்டாமல் திரும்பினால் அப்புறம் பெயிண்டருக்குச் சொல்லலாம்.

அன்புடன்,
வரிசைத் தொண்டர்களில் ஒருவன்