கங்காணி அத்தியாயத்துக்குப் பிறகு

சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்த வரலாற்றுப் புத்தகத்தில், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகளைப் பற்றிய அத்தியாயம் உன்னை விடவில்லை என்றாய். மேலும் படிக்கலாம் என்று பார்த்தால் நூற்பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய்.

நூற்பட்டியலில் தொடங்காதேம்மா. அது அகரவரிசையில்தான் இருக்கும். ஆசிரியர் பெரிதும் நம்பிய நூல் எது, ஒரு வரிக்காகப் புரட்டியது எது என்று அதில் தெரியாது. புத்தகத்தின் கடைசியில், உனக்குப் பிடித்த அத்தியாயத்தின் மூலக் குறிப்புகளுக்குப் போ. குறிப்பு எண்கள் பெரும்பாலும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் முதலில் அத்தியாயத் தலைப்பைப் பார்த்துக்கொள்.

உதாரணத்துக்கு, 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது என்ற வரி. அதன் குறிப்பில் ‘சந்து’ என்ற பெயரும் பக்க எண்ணும் மட்டும் இருக்கிறது என்று வை. அடுத்த குறிப்பில் வெறும் ‘இபிட்’. அதுவும் சந்துதான், முந்தையதே என்று பொருள். இப்படி ஒளிந்திருப்பதையும் சேர்த்து எண்ணினால், எந்தப் பெயர் அத்தியாயத்தைத் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். நூலின் முழு விவரம் முதன்முறை சொல்லும் இடத்தில்தான் இருக்கும். அது எங்கோ முந்தைய அத்தியாயத்தில் போயிருந்தால், அப்போது நூற்பட்டியலைத் திற. கெர்னியல் சிங் சந்து, கேம்பிரிட்ஜ், 1969: 1786 முதல் 1957 வரை மலாயாவில் இந்தியர் வந்து குடியேறிய வரலாறு.

அந்த நூல் கையில் கிடைத்ததும் அதன் குறிப்புகளையும் இதே மாதிரி பார். ஒரு கட்டத்தில் நூல்களின் பெயர் குறைந்து, தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளும் CO 273 போன்ற கோப்பு எண்களும் வரும். CO என்று தொடங்குபவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் காலனி அலுவலகக் கோப்புகள். ஆசையாகப் படிக்கிறவர் அங்கே நின்றுகொள்ளலாம்.

ஒரு குறை உண்டு. குறிப்புகள் பின்னோக்கித்தான் கூட்டிப்போகும். 1969-இல் வந்த நூலுக்கு, அதன் பிறகு வந்தவை தெரியாது. அதற்கு கூகுள் ஸ்காலரில் நூலின் பெயரைப் போட்டு Cited by என்பதை அழுத்து. அதை மேற்கோள் காட்டிய புதிய நூல்களும் கட்டுரைகளும் வரிசையாக வரும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஒரு தோட்டத் தொழிலாளி பேசியதாக ஒரு வரி வந்தால் அதன் குறிப்பைக் கட்டாயம் பார். பல நேரம் அது வெள்ளைக்கார அதிகாரியின் அறிக்கையிலிருந்து எடுத்ததாக இருக்கும். நூற்பட்டியலில் தமிழ் நூல் ஒன்றுகூட இல்லையென்றால், நம் தாத்தா காலத்தை அதிகாரியின் கண்ணால்தான் பார்க்கிறாய். அப்படியானால் சொல்லு, இங்கே அலமாரியில் இருக்கும் தோட்டக் கதைத் தொகுப்புகளை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா