கையெழுத்துக்கு முன் இரண்டு பில்களைக் காட்டுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டார மருத்துவக் காப்பீட்டு முகவர்களுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்குப் பாலிசி எடுத்தபோது, உங்களில் ஒருவர், ஏற்கப்படும் பில்லில் 20 சதவீதத்தை நாமே கட்டும் கோ-பேமென்ட்டுக்கு டிக் போடச் சொன்னார். பிரீமியம் ஆண்டுக்கு 5,200 ரூபாய் குறைந்தது. நானும் மகிழ்ந்து கையெழுத்திட்டேன்.

சென்ற மாதம் புதுச்சேரியில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட தொகை 6,40,000 ரூபாய். அதில் என் பங்கு 1,28,000. கையுறை, பதிவுக் கட்டணம் என்று ஏற்காமல் தள்ளியவை தனி. மூன்று ஆண்டுகளில் நான் மிச்சம் பிடித்ததோ 15,600.

கோ-பேமென்ட்டையே நான் குறை சொல்லவில்லை. அதே படிவத்தில், பில்லின் முதல் 50,000 ரூபாயை மட்டும் நாமே கட்டும் டிடக்டிபிள் என்ற இன்னொரு தேர்வும் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதை எடுத்திருந்தால் என் கையிலிருந்து 50,000தான் போயிருக்கும், காப்பீட்டுத் தொகைக்குள் பில் எவ்வளவு ஏறினாலும். கோ-பேமென்ட் சதவீதக் கணக்கு. பில்லோடு சேர்ந்து வளரும். இந்த இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு இரண்டரை லட்சம்: அதற்குக் கீழே கோ-பேமென்ட் மலிவு, அதற்கு மேலே டிடக்டிபிள் மலிவு. நாம் காப்பீடு எடுப்பதே பெரிய பில்லுக்குப் பயந்துதானே?

டிடக்டிபிளிலும் ஒரு கண்ணி உண்டு. அந்த 50,000 ஆண்டு மொத்தத்துக்கா, ஒவ்வொரு முறை சேரும்போதுமா? ஒரே ஆண்டில் மூன்று முறை மருத்துவமனையில் சேரும் நோயாளிக்கு முதல் வகையில் செலவு 50,000. இரண்டாவதில் 1,50,000 வரை போகும்.

நிறுவனமே குழுக் காப்பீடு தரும் ஊழியருக்கு டிடக்டிபிள் மிகப் பொருத்தம். அலுவலகப் பாலிசி மூன்று லட்சம் என்றால், சொந்தப் பாலிசியில் மூன்று லட்சத்தை டிடக்டிபிளாக வைக்கலாம். ஆனால் வேலை போனால் அந்த மூன்று லட்சம் அவர் தலையில் விழும். பின்னால் டிடக்டிபிளை நீக்கக் கேட்டால், நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து மறுக்கக்கூடும். அதற்குள் சர்க்கரை வந்திருந்தால் கதை முடிந்தது. சில பாலிசிகளில் குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து நீக்கிக்கொள்ளும் உரிமை உண்டு. அதைப் பாலிசியிலேயே விரல் வைத்துக் காட்டுங்கள்.

முதுநகர் மீனவர் போல, சேமிப்பெல்லாம் படகிலும் வலையிலும் முடங்கிக் கிடப்பவருக்கு இரண்டில் எதையும் பரிந்துரைக்காதீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு 50,000 ரூபாய் கையில் இருக்காது. அடகுக் கடையும் திறந்திருக்காது.

நான் கேட்பது இதுதான். கையெழுத்துக்கு முன், ஒரு தாளில் ஒரு லட்ச ரூபாய் பில்லையும் எட்டு லட்ச ரூபாய் பில்லையும் எழுதுங்கள். கோ-பேமென்ட்டில் 20,000, 1,60,000. டிடக்டிபிளில் இரண்டுக்கும் 50,000. பக்கத்தில் ஆண்டுக்கு மிச்சமாகும் பிரீமியம். அந்தத் தாளை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்