‘அலர்ஜி’ என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், எங்கள் ஊர் பியூட்டி பார்லர் ஒன்றில், ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கும் ‘பீல்’ முகத்துக்குச் செய்துகொண்டேன். முகம் வெந்துபோனது. போய்க் கேட்டதற்கு, “உங்க ஸ்கின்னுக்கு அலர்ஜி மேடம், நாங்க என்ன செய்ய முடியும்?” என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிவரும் பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் நெற்றியிலும் மேல் உதட்டிலும் த்ரெட்டிங் செய்தார்கள். அது முடிந்த கையோடு பிரஷ்ஷால் முகம் முழுக்க ஒரு திரவத்தைத் தடவினார்கள். கிளைகாலிக் ஆசிட் என்று பின்னால் தெரிந்தது. தடவிய பெண், வேறொரு கஸ்டமரைப் பார்க்க எழுந்து போய்விட்டார். எரிகிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்தேன். “கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. அவர் திரும்பி வந்து துடைத்தபோது கண்ணாடியில் பார்த்தேன். மேல் உதட்டுக்கு மேலே உப்புப் பூத்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அன்று இரவே அந்த இடம் சிவந்து வீங்கியது. மூன்றாம் நாள் கறுத்துப் பொருக்குத் தட்டியது.

தோல் டாக்டர் எழுதிக்கொடுத்தது, ரசாயனத் தீப்புண். அலர்ஜி இல்லையா என்று கேட்டேன். என் தாடை ஓரத்தைக் கண்ணாடியில் காட்டி விளக்கினார். பிரஷ் எங்கே நின்றதோ அங்கேயே சிவப்பும் கோடு போட்டதுபோல நின்றிருந்தது. கழுத்தில் ஒன்றுமே இல்லை. அலர்ஜி என்றால் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோதான் தெரியுமாம். எரிச்சலைவிட அரிப்பு அதிகம் இருக்கும், தடவாத இடத்துக்கும் பரவும். எனக்கோ படுத்திருக்கும்போதே எரிந்தது. வெள்ளைத் திட்டு, ஆசிட் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியதற்கு அடையாளம். த்ரெட்டிங் செய்ததால் மேல்தோல் உராய்ந்திருந்த இடங்களில்தான் புண் ஆழம். இந்த ஆசிட்டை நிமிடக் கணக்கு பார்த்துத்தான் வைக்க வேண்டும், நேரம் முடிந்ததும் சோடா உப்புக் கரைசல் போன்ற ஒன்றால் அதன் வேலையை நிறுத்த வேண்டும், தோலைச் சுரண்டும் எதையும் அதே நாளில் செய்யக்கூடாது என்றார். இந்த மூன்றில் ஒன்றுகூட அங்கே நடக்கவில்லை.

சரி, அது அலர்ஜியாகவே இருந்திருந்தாலும் பார்லர் தப்பிவிட முடியுமா? காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ துளி தடவி, ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதுதான் பேட்ச் டெஸ்ட். அதை யாரும் எனக்குச் செய்யவில்லை. வேறு மருந்து ஏதும் முகத்துக்குப் போடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆக, தீப்புண் என்றாலும் அவர்கள் பொறுப்பு, அலர்ஜி என்றாலும் அவர்கள் பொறுப்பு.

பணத்தைக் கேட்கப் போனபோதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. என்னிடம் பில் இல்லை. கேட்டதற்கு, “நாங்க பில் போடுறதில்லை” என்றார்கள். ஆனால் 3,500 ரூபாயை ஜி-பேயில் அனுப்பியிருந்தேன். பார்லர் பெயர், தேதி, நேரம் எல்லாம் அதில் இருந்தன. வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வைத்தேன். பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே. பணத்தைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு.

நான் செய்ததில் மிகவும் உதவியது ஒரு சின்ன விஷயம். சண்டை போடுவதற்கு முன்னாலேயே, “டாக்டர் கேட்கிறார், என்ன போட்டீர்கள், எத்தனை பர்சென்ட்?” என்று பார்லருக்கு வாட்ஸப்பில் கேட்டேன். “கிளைகாலிக் 50” என்று பதில் வந்தது. அந்த ஒரு வரி இப்போது என் ஃபைலில் இருக்கிறது. கோபத்தோடு போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

முதல் நாளிலிருந்தே தினமும் காலை, அதே ஜன்னல் பக்கம் நின்று, மேக்கப் இல்லாமல், நேராகவும் இரண்டு பக்கமுமாக மூன்று படம் எடுத்தேன். வாட்ஸப்பில் அனுப்பினால் படத்தோடு பதிவான தேதி விவரம் போய்விடும் என்று அண்ணன் மகன் சொன்னதால், அசல் படங்களை ஃபோனிலிருந்து அழிக்கவில்லை. செல்ஃபோன் படத்தைச் சாட்சியமாகக் கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் வருகிறது. படம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். புண் இருப்பதைப் படம் காட்டும். எதனால் வந்தது என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். சீட்டில் வெறும் மருந்துப் பெயர்கள் இருந்தால் வீண். “இன்ன தேதியில் பீல் செய்ததாகச் சொல்கிறார், ரசாயனத் தீப்புண்” என்று எழுதித்தரும்படி நான் கேட்டு வாங்கினேன்.

கணக்கு இதுதான். பார்லர் கட்டணம் 3,500. டாக்டர் ஃபீஸ் 600 வீதம் நான்கு முறைக்கு 2,400. களிம்பு, சன்ஸ்கிரீன், மாத்திரை 3,180. மொத்தம் 9,080 ரூபாய். படங்கள், ரசீதுகளின் நகலோடு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அவர்கள் பேசித் தீர்க்கத்தான் முயல முடியும், உத்தரவு போட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு பார்லரிலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் இரண்டு ஃபேஷியல் இலவசம் என்றார்கள். அந்த நாற்காலியில் இனி நான் எப்படி உட்காருவேன்? மறுத்ததும் 3,500-ஐத் தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அதில் டைப் அடித்திருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, “கட்டணம் மட்டும் பெற்றேன், மருத்துவச் செலவு பாக்கி” என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் மீதி 5,580 ரூபாயைக் கேட்க வாய் இருந்திருக்காது.

அந்த மீதிக்கும், கல்யாண வீட்டில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதற்குமாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். சேவைக்காக நாம் செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மேல் உதட்டுக் கறுப்பு இன்னும் போகவில்லை. மாதக்கணக்கில் ஆகும், வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

விசாரணை நடப்பதால் பார்லர் பெயரை எழுதவில்லை. நான்கு படங்களும் ரசீது நகல்களும் இணைத்திருக்கிறேன். படம் வெளியிடுவதாக இருந்தால் கண்களை மறைத்து வெளியிடுங்கள். தாடை ஓரத்துக் கோடு மட்டும் தெளிவாகத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி