பதினேழு மார்க் எங்கே போச்சு? பெற்றோர் சந்திப்புக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பெற்றோர் சந்திப்பில் என்ன பேசுவது, எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தாய். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற பேச்சு என்று ஒன்று கிடையாது. உனக்குத் தூக்கம் கெடுக்கும் அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணக்கில் போன தேர்வில் 78, இந்தத் தேர்வில் 61. அம்மா அப்பா இருவரும் முகம் வாடித்தான் வருவார்கள்.

அவர்கள் வருவதற்கு முன் வகுப்பின் சராசரியைப் போட்டு வை. தேர்வுக்கே வராதவர்களின் பூஜ்யத்தைச் சேர்த்துவிடாதே. சராசரி பொய்யாகக் கீழே இறங்கிவிடும். நீ அனுப்பிய கணக்குப்படி போன முறை சராசரி 70, இந்த முறை 58. அதாவது வகுப்பே 12 மார்க் இறங்கியிருக்கிறது, வினாத்தாள் கடினம். இவள் இறங்கியது 17. ஆக, அவள் கணக்கில் விசாரிக்க வேண்டியது ஏறக்குறைய ஐந்து மார்க்தான். சராசரியைவிட இன்னும் மூன்று மார்க் மேலேதான் நிற்கிறாள்.

ஆனால் இதையே முதலில் சொல்லாதே. சமாளிக்கிறார் என்று நினைப்பார்கள். ரிப்போர்ட் கார்டையும் மூடியே வை. விடைத்தாளை எடுத்து அவர்கள் பக்கமாகத் திருப்பிவைத்து இப்படித் தொடங்கு:

"மார்க் குறைஞ்சிருக்கு, உங்களுக்குக் கவலையா இருக்கும். எங்கே குறைஞ்சதுன்னு தேடிப் பார்த்தேன். ஒரே இடத்துலதான் பெரும்பாலும் போயிருக்கு. சேர்ந்து பார்க்கலாமா?"

சொல்லிவிட்டு நிறுத்து. அவர்கள் தாளைப் பார்க்கட்டும். பேசிக்கொண்டே போனால் ஒன்றும் காதில் ஏறாது.

இழந்த 39 மார்க்கில் 21 வார்த்தைக் கணக்கில் போயிருக்கிறது. ஐந்து கணக்கில் மூன்றைத் தொடவே இல்லை. மற்ற இரண்டிலும் சேர்த்து வாங்கியது நாலு மார்க். அதில் ஒன்றை விரல் வைத்துக் காட்டு: ஒரு பெட்டியில் 12 பென்சில் பிடிக்கும் என்றால் 156 பென்சிலுக்கு எத்தனை பெட்டி? அவள் 156-ஐ 12-ஆல் பெருக்கி 1872 என்று எழுதியிருக்கிறாள்.

"பெருக்கல்ல ஒரு தப்பும் இல்லை, பாருங்க. வகுக்கணும்னு தோணலை, அவ்வளவுதான். கேள்வியில ரெண்டு எண்ணைப் பார்த்ததும் ஏதாவது செய்யணும்னு செஞ்சிருக்கா."

நேரம் போதவில்லையோ என்று அப்பா கேட்பார். கடைசிக் கேள்வியைக் காட்டு; முழுதாக எழுதியிருக்கிறாள். விட்ட மூன்றும் நடுவில் இருக்கின்றன. நேரம் போதாத பிள்ளைக்கு வால் பக்கம்தான் காலியாக இருக்கும்.

ஒரு வேலையை மட்டும் சந்திப்புக்கு முன்பே முடித்துவிடு. விட்ட கணக்குகளை அவளுக்கு நீ வாசித்துக் காட்டு. காதால் கேட்டதும் போட்டுவிட்டால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது, கணக்கில் இல்லை. கேட்டும் விழித்தால் எப்போது வகுப்பது, எப்போது பெருக்குவது என்பதே பிடிபடவில்லை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எதுவென்று தெரியாமல் "கவனக்குறைவு" என்று சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் வருஷம் முழுக்கப் பிள்ளையைத் திட்டுவார்கள்.

"டியூஷன் வைக்கணுமா சார்?" இது வந்தே தீரும்.

"இப்ப வேண்டாங்க. டியூஷன்ல இன்னும் நிறைய கூட்டல் பெருக்கல் போடச் சொல்வாங்க, அது அவளுக்கு வருது. வீட்ல தினம் ஒரு வார்த்தைக் கணக்கை அவளே சத்தமா வாசிக்கட்டும். என்ன குடுத்திருக்காங்க, என்ன கேக்கறாங்கன்னு அவ வாயால சொல்லட்டும். விடை போட வேண்டாம். மூணு வாரம் கழிச்சு நான் அஞ்சு கணக்கு குடுத்துப் பார்த்துட்டு உங்களைக் கூப்பிடறேன். எதையும் காலியா விடாம இருக்காளான்னுதான் முதல்ல பார்ப்பேன்."

விடை போட வேண்டாம் என்றதும் அம்மா உன்னை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. எண்ணைக் கண்டதும் பாய்கிற பழக்கத்தைத்தான் நிறுத்தப் பார்க்கிறோம் என்று சொல், புரிந்துகொள்வார்.

இதெல்லாம் ஆன பிறகுதான் ரிப்போர்ட் கார்டையும் சராசரியையும் எடு. அப்போது 12-ம் 5-ம் அவர்களுக்கே விளங்கும். ரேங்க் கேட்டால் மறைக்காமல் சொல், கூடவே வேறு பிள்ளையின் மார்க்கைச் சொல்லாதே. "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்பதற்கு, "அதை அவங்க அப்பா அம்மாகிட்டத்தான் சொல்வேன், உங்க பொண்ணோடதை உங்ககிட்ட மட்டும் சொல்ற மாதிரி" என்றால் போதும், சங்கடப்பட மாட்டார்கள்.

பிள்ளையும் கூட வந்தால் அந்த 1872-ஐ விளக்கும் வேலையை அவளிடமே கொடுத்துப் பார். அப்பா குரலை உயர்த்தினால் அவருக்குப் பதில் சொல்லாமல் அவளிடம், "இதுல பெட்டி எத்தனைன்னு இப்ப சொல்லு பார்ப்போம்" என்று கேள். பதின்மூன்று என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் நீ பேச வேண்டியது அதிகம் இருக்காது. சொல்லாவிட்டால் தாளில் பன்னிரண்டு பன்னிரண்டாக வட்டம் போட வை, அப்பா பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மூன்று வாரத் தேதியை அவர்கள் எதிரிலேயே டைரியில் குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்