பூஜ்ஜியம் போடச் சொல்லாதீர்கள், படிவத்தை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய குறும்பட விழா ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். 'ஜீரோ பட்ஜெட்' பிரிவுக்கு வந்த எங்கள் படம் ஏன் திரும்பிப் போனது என்பது உங்களுக்கே தெரியும். செலவுப் படிவத்தில் 14,340 ரூபாய் என்று எழுதியிருந்தோம், உங்கள் வரம்பு 5,000. உங்கள் குழுவிலிருந்து போனில் பேசியவர் தன்மையாகத்தான் பேசினார். "தம்பி, எல்லாரும் ஜீரோன்னுதான் போடுறாங்க, நீங்களும் மாத்திப் போட்டு அனுப்புங்க, ரெண்டு நாள் டைம் தர்றேன்" என்றார். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் நாங்கள் மாற்றப் போவதில்லை. படிவத்தை நீங்கள் மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

படிவத்தில் கேமரா, லைட், நடிகர் சம்பளம், எடிட்டிங், இசை என்று ஐந்து வரிகள் இருக்கின்றன. ஐந்திலும் நாங்கள் பூஜ்ஜியம்தான் போட்டோம். கேமரா கல்யாண வேலைக்குப் போகும் நண்பனுடையது. லைட் ஒரு ஸ்டுடியோ அண்ணன் கொடுத்தது. நடித்தவர்கள் காசு கேட்கவில்லை. சாப்பாடு, போக்குவரத்து, காப்பீடு, சில்லறை ரிப்பேர் இந்த நான்குக்கும் உங்களிடம் வரியே கிடையாது. கடைசியில் இருந்த 'இதர' என்ற ஒற்றை வரியில் மொத்தத் தொகையையும் எழுதியதால், ஏதோ கள்ளக்கணக்கு மாதிரி தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அந்தக் கணக்கை இங்கே பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

படப்பிடிப்பு திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், இரண்டு நாள். நாங்கள் ஒன்பது பேர். சாப்பாட்டுக்கு ஒன்பது பேர் என்று கணக்குப் போட்டால் முதல் பந்தியிலேயே இடிக்கும். வீடு கொடுத்தவர் இருக்கிறார், வண்டி ஓட்டி வந்தவர் இருக்கிறார், அவர்களைப் பார்க்க வைத்துக்கொண்டு யாரும் சாப்பிட முடியாது. அதனால் பதினொரு பேர். காலை இட்லி, பொங்கல் 45 ரூபாய். மதியம் உள்ளூர்ச் சமையல்காரரிடம் சொல்லிவைத்த சாப்பாடு 80. இரவு தோசை, பரோட்டா 70. டீ மூன்று வேளை 36. ஐந்து மணிக்கு வடை, பிஸ்கட் என்று ஒரு 20. கூட்டினால் 251, இதை 250 என்று வைத்துக்கொண்டால் பதினொரு பேருக்கு ஒரு நாளைக்கு 2,750, இரண்டு நாளைக்கு 5,500. தண்ணீர் கேன் ஆறு, 240. ஆக 5,740. இதில் ஆடம்பரம் எங்கே என்று யாராவது காட்டினால் அந்த வடையை நிறுத்திவிடுகிறோம்.

'வீட்டில் சமைத்துக்கொள்ளலாமே' என்று கேட்பீர்கள். பல குழுக்கள் அப்படித்தான் பூஜ்ஜியம் போடுகின்றன. இயக்குநரின் அம்மாவும் அத்தையும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பதினொரு பேருக்குப் புளிசாதம் கிளறிக் கொடுத்திருப்பார்கள். அரிசியும் எண்ணெயும் கேஸும் அந்த வீட்டு மாதச் செலவிலிருந்து போயிருக்கும். படிவத்தில் மட்டும் அது இலவசம்.

போக்குவரத்துக்கு 5,500. லைட், ஸ்டாண்ட், ஜெனரேட்டர் ஏற்றிவர ஒரு குட்டி யானை, கொண்டுவர 1,500, திரும்பக் கொண்டுபோக 1,500. நாலு பைக்குக்கும் இரண்டு நாள் பெட்ரோல் ஆயிரம். மிச்சம் 1,500 கடைசி பஸ்ஸின் விலை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் கிராமத்துக்குள் வரும் பஸ் ராத்திரி சீக்கிரம் நின்றுவிடும். இரவுக் காட்சி முடிய பதினொன்று ஆனால், நடித்த இரண்டு பெண்களைக் கும்பகோணத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிட கார் வைத்தாக வேண்டும். இரவுக் காட்சி இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைக்காத பட்ஜெட் பட்ஜெட்டே அல்ல.

மாதத்தைப் பொறுத்தும் இந்தத் தொகை மாறும். தை மாதம் சம்பா அறுவடை நடக்கும்போது குட்டி யானை எல்லாம் நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்து வாசலில் நிற்கும், கேட்ட வாடகைக்குக் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. ஒரு நாள் மழையில் போனால் இன்னொரு நாள் சாப்பாடும் பெட்ரோலும் கூடும். நாங்கள் வைகாசியில் எடுத்ததால் அந்தத் தொகையைச் சேர்க்கவில்லை.

இனி காப்பீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுவதற்கு மன்னிக்கவும், காரணம் இருக்கிறது.

எங்கள் படிவத்தில் காப்பீட்டுக்கு 180 ரூபாய் என்று இருப்பதைப் பார்த்து உங்களில் யாராவது சிரித்திருக்கலாம். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆளுக்கு வருடம் 20 ரூபாய், ஒன்பது பேருக்கு 180. பதினெட்டு முதல் எழுபது வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம், ஜூன் முதல் மே வரை ஒரு வருடம். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். அவ்வளவுதான். கை ஒடிந்து கட்டுப் போட்டு ஆறிவிட்டால் அதில் ஒரு ரூபாயும் வராது, ஆஸ்பத்திரிச் செலவு அதன் கணக்கிலேயே கிடையாது. ஆனாலும் எடுத்தோம், ஏனென்றால் எங்கள் கைக்கு எட்டியது அதுதான். கூடவே முதலுதவிப் பெட்டி 420. இந்த வரிக்கு மொத்தம் 600.

கை ஒடிவதைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. போன வருடம் இதே பிரிவில் உங்களிடம் சான்றிதழ் வாங்கிய ஒரு குழுவில் சவுண்ட் வேலை பார்த்த பையன், செல்போன் கடையில் வேலை செய்பவன். இரவு படப்பிடிப்பு முடிந்து திரும்பும்போது இன்னொரு வண்டிக்குக் காசு இல்லை. அதனால் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குட்டி யானையின் பின்னால் உட்கார்ந்து வந்தான். வாய்க்கால் மதகு மேட்டில் வண்டி தூக்கிப் போட்டதில் கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் சரக்கு வாகனத்தில் சும்மா ஏறி வருகிறவருக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் போனால் சட்டம் வேறு, பின்னால் ஸ்டாண்டைப் பிடித்து உட்கார்ந்தவன் அதில் எங்கே வருவான்? சாலை விபத்து என்பதால் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. பிளேட் வைத்த பிறகு மறுபடி மறுபடி போய்வந்த செலவு, கை சரியாகும் வரை கடையில் இல்லாத சம்பளம், எல்லாம் அவன் அப்பா தலையில். அவர் சுமை தூக்குகிறவர். ஒருவர் வருமானத்தில் அந்த வீடு மாதக்கணக்கில் ஓடியது.

அந்தப் படத்தின் செலவுப் படிவத்திலும் பூஜ்ஜியம்தான் இருக்கிறது. விழா மேடையில் 'ஒரு பைசா செலவில்லாமல் எடுத்த படம்' என்று மைக்கில் அறிவித்தீர்கள், கைதட்டினோம்.

படிவத்தில் போக்குவரத்து என்று ஒரு வரி இருந்திருந்தால், ஆள் ஏற ஒரு ஷேர் ஆட்டோவுக்கு 600 ரூபாய் எழுதவாவது அவர்களுக்குத் தோன்றியிருக்கும். 'சாமான் வண்டியில் ஆள் ஏற்றப்பட்டதா?' என்று ஒரு கேள்வி இருந்திருந்தால், இயக்குநர் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார். நாங்கள் கேட்பது அதுதான்: நான்கு வரிகளைச் சேருங்கள்.

ரிப்பேர் வரி இன்னும் எளிது. பெரிய படங்களில் மொத்தத்தில் பத்து சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கு வைப்பது வழக்கம். எங்களைப் போன்ற சின்னப் படத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எங்கள் மற்றச் செலவு 11,840, அதில் பத்து சதவீதம் 1,184. லைட் ஸ்டாண்ட் தட்டி வீட்டுக்காரரின் நாட்டு ஓடு நாலு உடைந்தால், ஓடு மாற்ற வரும் கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்கே அது சரியாகப் போய்விடும். ஓடு உடைவதற்குப் படம் பெரிசா சிறிசா என்று தெரியாது. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, உடையக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எண்ணினோம்: ஓட்டுக்கும் கூலிக்கும் 1,500, கேமரா கேபிள் 400, டேப், பேட்டரி, பியூஸ் கம்பி, பல்பு எல்லாம் 600. மொத்தம் 2,500. செலவாகாமல் மிஞ்சினால் நல்லது. மிஞ்சவில்லை. ஆனால் வீட்டுக்காரர் அடுத்த குழுவுக்கும் வீடு தருவார், ஏனென்றால் மழைக்கு முன்னால் கூரை சரியாகிவிட்டது.

கூட்டிப் பாருங்கள்: 5,740, 5,500, 600, 2,500. மொத்தம் 14,340.

உங்கள் விழாவுக்கும் பந்தல், மைக் செட், வாழைமரம், சிறப்பு விருந்தினருக்கு ஏசி கார், ஓட்டல் அறை, மதியம் தலைவாழை இலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. அதில் தப்பே இல்லை, விருந்தாளியைப் பட்டினி போடுவது இந்த மண்ணின் வழக்கமும் இல்லை. அந்தச் சாப்பாட்டை 'இதர' என்றா எழுதினீர்கள்? விழா நடத்துகிறவர் சாப்பிட்டால் அது செலவு, படம் எடுத்தவர் சாப்பிட்டால் அது விதிமீறல் என்றால், நாங்கள் எல்லாரும் விழாக் குழுவில் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது. படம் எடுக்க யாரும் மிஞ்ச மாட்டார்கள், அவ்வளவுதான். 'கஷ்டப்பட்டு எடுத்தாங்க' என்று மேடையில் உருகுவது வேறு, அந்தக் கஷ்டத்தை யார் தலையில் வைத்தோம் என்று பார்ப்பது வேறு. இதை நடுவர்கள் மட்டுமல்ல, எங்கள் இயக்குநர் நண்பர்களே பலர் பார்ப்பதில்லை. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகக் கேட்பது இதுதான். 5,000 வரம்பைக் கேமரா, லைட், சம்பளம், எடிட்டிங், இசை இந்த ஐந்துக்கு மட்டும் வையுங்கள். சாப்பாடு, போக்குவரத்து, காப்பீடு, ரிப்பேர் நான்குக்கும் தனி வரி கொடுத்து, அவற்றை வரம்புக்கு வெளியே விடுங்கள். பணமாகத் தராமல் யாராவது பொருளாகவோ உழைப்பாகவோ கொடுத்திருந்தால், அதன் மதிப்பை எழுதப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள், அம்மாவின் புளிசாதத்துக்கும் அங்கே இடம் கிடைக்கும். யாரும் காசு தர வேண்டாம், எழுத இடம் கொடுத்தால் போதும்.

எங்கள் படத்தை இந்த வருடம் சேர்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. அடுத்த அறிவிப்பு வழக்கம்போல் ஆடி மாதம் வரும் என்றால், அதற்கு முன் படிவம் மாறுமா மாறாதா என்று ஒரு வரி பதில் எழுதுங்கள். மாதிரிக்கு எங்கள் செலவுத் தாளை, பில்களோடு, இத்துடன் இணைத்திருக்கிறேன். டீக்கடையில் பில் தருவதில்லை, அதற்கு மட்டும் கையால் எழுதிய கணக்கு.

இப்படிக்கு,
உங்கள் விண்ணப்பதாரர்களில் ஒருவன்,
திருவையாறு