செயலி காட்டியது 2,183, வாங்கியது 2,219: வரிக் கணக்கைத் திருத்தக் கோரி புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா / அம்மையீர்,

உங்கள் செயலியில் ரூம் ஹீட்டர் ஒன்றை ஆர்டர் செய்தேன். உறுதி செய்யும் பக்கத்தில் மொத்தத் தொகை 2,183 ரூபாய் என்று இருந்தது. கோத்தகிரிக்குப் பார்சல் வந்தபோது 2,219 ரூபாய் கேட்டார்கள். உறைபனிக் காலம், வீட்டில் வயதான அம்மா இருக்கிறார் என்பதால் கேட்டதைக் கொடுத்தேன். கொண்டுவந்த தம்பியிடம் வாதாடுவது முறையல்ல. தொகையை முடிவு செய்வது அவரல்ல.

உங்கள் சேவை மையத்தில் கேட்டால் ‘மலைப்பகுதிக் கூடுதல் கட்டணம்’ என்கிறார்கள். இரண்டு இன்வாய்ஸ்களிலும் அப்படி ஒரு கட்டணமே இல்லை. டெலிவரிக்காக நீங்கள் தந்த இன்வாய்ஸில் கட்டணம் 50 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 9 ரூபாய், ஆக 59 ரூபாய். செயலியிலும் அதே 59தான். எனவே 36 ரூபாய் வித்தியாசம் விற்பனையாளரின் இன்வாய்ஸில்தான் இருக்க வேண்டும். இருக்கிறது.

ஹீட்டரின் விலை வரி உட்பட 2,360 ரூபாய். அதாவது வரிக்கு முந்தைய மதிப்பு 2,000, வரி 360. கூப்பனுக்காக 236 ரூபாய் கழித்து 2,124 என்று செயலி காட்டியது. அது சரியான கணக்கு. இன்வாய்ஸிலோ 2,000த்தில் 200 ரூபாய் தள்ளுபடி போக 1,800 என்று எழுதிவிட்டு, வரியை மட்டும் பழைய 2,000த்துக்கே போட்டிருக்கிறார்கள்: சி.ஜி.எஸ்.டி. 180, எஸ்.ஜி.எஸ்.டி. 180. விற்கும்போதே கொடுத்து இன்வாய்ஸிலும் பதிவு செய்த தள்ளுபடி, வரிக்குரிய மதிப்பில் சேராது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. 1,800க்கு வரி 162 வீதம் 324 ரூபாய்தான். அதிகம் வாங்கிய 36 ரூபாய், தள்ளுபடியான 200 ரூபாய்க்கு 18 சதவீத வரி. நான் கொடுக்காத பணத்துக்கு என்னிடமே வரி வாங்கியிருக்கிறீர்கள். பைசாவை முழு ரூபாயாக்கியதால் வந்த வித்தியாசம் என்றும் சொல்ல முடியாது; அதில் 36 ரூபாய் வராது.

கூப்பன் செலவை உங்கள் நிறுவனமே ஏற்றிருந்தால் விற்பனையாளர் முழு விலைக்கும் வரி போடலாம். அப்போதும் 236 ரூபாய் உங்கள் பொறுப்பு. என் பங்கு 2,124தான்.

விற்பனையாளரிடமிருந்து கிரெடிட் நோட் பெற்றுத் தந்து, 36 ரூபாயை என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். உங்கள் வாலட்டில் வேண்டாம். இதே கூப்பனில் வாங்கிய மற்றவர்களின் இன்வாய்ஸ்களையும் சரிபாருங்கள். தொகை சிறியது என்பதால் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மலையில் இருப்பவர்களிடம் இல்லாத கட்டணத்தைக் காரணமாகச் சொல்வதையும் சேவை மையத்தினர் நிறுத்த வேண்டும். உரிய பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன்.

இணைப்பு: செயலியின் கட்டண விவரப் படம், இரண்டு இன்வாய்ஸ்கள், பணம் பெற்ற ரசீது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்