சிஎஸ்வி கோப்பைத் திறக்காமல் அனுப்புங்கள்: வலையொலிக் குழுத் தொண்டூழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் வலையொலி நடத்தும் குழுக்களின் தொண்டூழிய நண்பர்களுக்கு, வணக்கம்.

எங்கள் குழுவில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று மாதாமாதம் கணக்குப் பார்ப்பவன் நான். நாங்கள் பயன்படுத்தும் தளத்தில், எண்களை நிரல் வழியாகத் தானாக எடுக்க உதவும் ஏபிஐ கிடையாது. பொத்தானை அழுத்தினால் ஒரு சிஎஸ்வி கோப்பு இறங்கும், அவ்வளவுதான். அதை இறக்கி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவது குழுவில் உள்ள ஒரு தம்பியின் வேலை.

மே மாதக் கூட்டத்தில் ஏப்ரல் கணக்கைத் திரையில் போட்டேன். 30 நாளில் ஏப்ரல் 4 மட்டும்தான் இருந்தது. “மற்ற நாளெல்லாம் ஒருத்தரும் கேக்கலையா?” என்றார் தலைவர்.

கேட்டிருக்கிறார்கள். தளம் மாதத்தை முன்னால் எழுதுகிறது. நம் ஊர்க் கணினியோ நாளை முன்னால் படிக்கிறது. தம்பி கோப்பை எக்செலில் திறந்து, ‘சரிபார்த்து’, எக்செல் கோப்பாகவே சேமித்து அனுப்பியிருந்தார். 04/01 ஜனவரி 4 ஆனது, 04/02 பிப்ரவரி 4 ஆனது. இப்படியே 04/12 வரை போய் டிசம்பர் 4 ஆகிவிட்டது. 04/13 முதல் 04/30 வரை உள்ளவற்றை எக்செலால் தேதியாகப் படிக்க முடியவில்லை. 13-ஆவது மாதம் ஏது? அவை வெறும் எழுத்தாக நின்று, மாதக் கூட்டலில் சேரவே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் 04/04 மட்டும் தப்பித்தது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. தேதி நெடுவரிசையைப் பாருங்கள். சில கட்டங்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் கதை இதுதான். இடப்பக்கம் உள்ளவை எழுத்து.

அதனால் என் வேண்டுகோள்: இறக்கிய கோப்பைத் தொடாதீர்கள். பார்க்க வேண்டுமென்றால் ஒரு நகலைத் திறந்து பாருங்கள். பெயரில் மட்டும் இறக்கிய நாளைச் சேருங்கள், `2025-05-06` என்பதுபோல. அது ஏன் வேண்டும்? எங்கள் தளம் கடைசிச் சில நாள் எண்களைப் பின்னால் திருத்துகிறது. மே 1-இல் இறக்கியதில் ஏப்ரல் 28-க்கு 212 என்று இருந்தது, 6-ஆம் தேதிக் கோப்பில் 197. இரண்டையும் அப்படியே ஒட்டினால் 409 ஆகிவிடும். நான் இறக்கிய நாளை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, பைத்தானின் பாண்டாஸ் நிரலகம் வழியாகப் பிந்தியதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்:

```
df = (df.sort_values("downloaded")
        .drop_duplicates(["date", "episode_id"], keep="last"))
```

அப்புறம் இன்னொன்று, இதற்கு மருந்தில்லை. தளத்தின் நாள் யுடிசி நேரப்படி மாறுகிறது, அதாவது நமக்குக் காலை 8 மணிக்கு. சனிக்கிழமை காலை 6 மணிக்கு வெளியிடும் பகுதியை முதல் இரண்டு மணி நேரம் கேட்டவர்கள் வெள்ளிக்கிழமைக் கணக்கில் போய் உட்காருகிறார்கள். கோப்பில் நாள் மட்டும்தான் இருக்கிறது, மணி இல்லை, பிரித்தெடுக்க வழியில்லை. வெளியீட்டை 8 மணிக்குப் பின் தள்ளிவைத்தோம். எம்ஆர்டியில் வேலைக்குப் போகும்போது கேட்கும் இரண்டு பேர் இன்னும் என்னோடு சண்டை போடுகிறார்கள்.